கெட்டிலின் அடிப்பக்கம்

மண்டபம்

தாயி,

உன் தோழியிடம் இருக்கும் கெட்டிலைப் போலவே ஒன்று வாங்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய போட்டோவைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். உன் தோழி கவிழ்த்து வைத்து அடிப்பக்கத்தை எடுத்தது நல்லதாயிற்று. பளபளப்பைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது.

"220-240V~ 50Hz 1250-1500W" என்று இருக்கிறது. எந்த வாட் சரி என்று கேட்டிருந்தாய். இரண்டும்தான். உள்ளே காயில் ஒன்றே. 220 வோல்ட் வந்தால் 1250 வாட் இழுக்கும், 240 வந்தால் 1500. சராசரி 230 என்று வைத்தால் சுமார் 1370 வாட், அதாவது 6 ஆம்பியருக்குக் கொஞ்சம் கீழே. நடுராத்திரியில் வோல்டேஜ் ஏறினால் 6-ஐத் தாண்டிவிடும்.

போட்டோ ஓரத்தில் கிடக்கிற பிளக்கைப் பார்த்தாயா? பின்கள் தடியாக இருக்கின்றன. அது 16 ஆம்பியர் பிளக். தோழி சமையலறையில் அதற்கான பாயிண்ட் இருக்கும். உன் அறையில் இருப்பது 6 ஆம்பியர் சின்னப் பின் பாயிண்ட், அதிலும் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். கன்வர்ஷன் பிளக் வாங்கிச் செருகிவிடலாம் என்று நினைக்காதே. போன மாதம் இங்கே ஒரு வீட்டில் அப்படித்தான் செய்திருந்தார்கள். பாக்ஸைக் கழற்றினால் உப்புக்காற்றில் பித்தளையெல்லாம் பச்சைக் களிம்பு, பிடிப்பு தளர்ந்து, பின் நுழைகிற ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாக உருகியிருந்தது. வயர் நன்றாகத்தான் இருந்தது. சூடு ஏறுவது செருகும் இடத்தில். உன் ஊரில் களிம்பு பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் தளர்ந்த பாக்ஸ் எங்கேயும் தளர்ந்ததுதான்.

உனக்கு 1000 வாட் போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீர் கொதிக்க அந்தக் கெட்டிலுக்கு ஐந்தரை நிமிடம் என்றால், 1000 வாட்டுக்கு ஏழரை. இரண்டு நிமிடத்தில் உன் பஸ் போய்விடாது. ஒரு டம்ளர் காபிக்கு அந்த வித்தியாசமும் தெரியாது.

அப்புறம் ஐ.எஸ்.ஐ. முத்திரை. மேலே IS 367 என்று இருக்க வேண்டும், கெட்டிலுக்கான எண் அது. கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண். உன் போட்டோவில் வெளிச்சம் பட்டு அந்த எண்ணின் கடைசி இலக்கங்கள் வெளுத்துவிட்டன, 3-ஆ 8-ஆ தெரியவில்லை. டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து மறுபடி எடுக்கச் சொல். BIS Care ஆப்பில் எண்ணைப் போட்டால் யாருடைய உரிமம், எந்தப் பொருளுக்கு என்று வரும். கெட்டில் என்று வராவிட்டால் வேண்டாம். CE என்று மட்டும் இருந்தால் அது ஐரோப்பாவுக்கான குறி, நம் முத்திரைக்கு ஈடாகாது.

அதே மாடல் என்று கடைக்காரர் காட்டினாலும், மாடல் எண்ணின் கடைசி எழுத்துவரை ஒத்துப்பார். உடம்பு ஒன்றாக இருக்கும், கடைசி எழுத்து மாறினால் வாட்டும் மாறலாம். வாங்கும் முன் அடிப்பக்கத்தையும் பிளக்கையும் எடுத்து எனக்கு அனுப்பு. மூன்று பின் இல்லாத ஸ்டீல் கெட்டிலாக இருந்தால் அனுப்பவே வேண்டாம்.

அப்பா