டெலிவரி சார்ஜ் மட்டும் பார்த்தா போதாது

ஆசிரியருக்கு வணக்கம்,

ஆப்ல ஆர்டர் பண்றதா வீட்ல சமைக்கிறதான்னு போன இதழ்ல வந்த கட்டுரை படிச்சேன், நல்லாதான் இருந்துச்சு, ஆனா டெலிவரி சார்ஜ மட்டும் எடுத்துட்டு மாசக் கணக்கு போட்டுட்டாங்க. உண்மையில காசு அதிகமா போறது அதுக்கு முன்னாடியே, சாப்பாட்டு ரேட்டுலயே. ஆப் கம்பெனி எடுக்குற கமிஷன ஈடுகட்ட நிறைய ஹோட்டல்காரங்க ஆப்ல மட்டும் ரேட்ட ஏத்தி வச்சிருக்காங்க. நம்பலன்னா ஹோட்டல் சுவர்ல இருக்குற விலைப்பட்டியல போட்டோ எடுத்து ஆப்போட ஒப்பிட்டுப் பாருங்க.

ஒரு உதாரணத்துக்கு சென்னைல ரெண்டு பேர் ராத்திரிக்கு ஆளுக்கொரு மசால் தோசைன்னு வைங்க. ஹோட்டல்ல ஒண்ணு 90, 5% ஜிஎஸ்டி சேர்த்து ரெண்டுக்கும் 189 ரூபா. அதே தோசை ஆப்ல 110னு இருந்தா 220, பேக்கிங் 20, இந்த 240க்கு ஜிஎஸ்டி 12, டெலிவரி 30, பிளாட்ஃபார்ம் ஃபீஸ் 15, இந்த ரெண்டுக்கும் 18% வரி 8, மொத்தம் 305 வந்துடுது. டெலிவரி ஃப்ரீன்னு போட்டிருந்தாலும் 270 கிட்ட நிக்கும், அதுலயும் ஃப்ரீ ஆகணும்னா இவ்வளவுக்கு மேல வாங்கணும்னு சொல்வாங்க, நாம வேண்டாத ஒரு வடையையும் சேர்த்து அமுக்குவோம்.

வீட்ல? 60 ரூபா மாவு பாக்கெட்ல பாதி போதும், ஆறு தோசை வந்துடும், அது 30. உருளை வெங்காயம் 20, சட்னிக்கு 20, எண்ணெய் கேஸுக்கு 10ன்னு போட்டாலும் 80 ரூபா. மாவ வீட்லயே அரைச்சா இன்னும் குறையும். வாரம் மூணு நாள்னா மாசம் 12 ராத்திரி, ஆப்ல 3,660, ஹோட்டல்ல போய் சாப்ட்டா 2,268, வீட்ல 960.

ஆனா வீட்டுக் கணக்குல ஒண்ணு விட்டுப்போகுது சார், அடுப்படில நிக்குறவங்க நேரம். வீட்ல சமைச்சா மிச்சம்னு சொல்ற ஆளுங்கள்ல பாதிப் பேர் கரண்டியே பிடிச்சிருக்க மாட்டாங்க. வேலைக்குப் போயிட்டு ஏழரை மணிக்கு வர்ற பொம்பளைக்கு அந்த 2,700 மிச்சம்ங்குறது சம்பளமில்லாத ஓவர்டைம்தான்.

தனியா ரூம் எடுத்து இருக்குறவங்களுக்கு இந்தக் கணக்கு வேற. கட்டு கீரை, கால் கிலோ கத்திரிக்காய்னு வாங்கி ஒரு நாள் சமைச்சிட்டு மீதி அழுகிப் போச்சுன்னா மிச்சமே இல்ல. அவங்க சாதத்த மட்டும் ரைஸ் குக்கர்ல வச்சிட்டு குழம்பு, பொரியல தெருமுனை மெஸ்ல தூக்குல வாங்கிக்கலாம், பேக்கிங் காசும் கிடையாது. அடுத்த தடவை மாசக் கணக்கு போடும்போது இதையும் ஒரு வரிசையா சேர்த்துப் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, தாம்பரம்