எண் அதேதான், ஓடிபி மட்டும் வரவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எண்ணை மாற்றாமலே செல்போன் நிறுவனத்தை மாற்றிக்கொள்வது பற்றி உங்கள் இதழில் எழுதியிருந்தீர்கள். 1900-க்கு PORT என்று அடித்து எண்ணையும் சேர்த்து அனுப்புவது, பதிலாக வரும் எட்டு எழுத்துக் குறியீட்டைப் புது நிறுவனத்தில் கொடுப்பது, அது நான்கு நாட்களுக்குத்தான் செல்லும் என்பது எல்லாம் தெளிவாக இருந்தது. ஆனால் கட்டுரை புது சிம்மில் சிக்னல் வந்ததோடு முடிந்துவிட்டது. பலருக்குத் தலைவலி அதற்கு அப்புறம்தான் ஆரம்பிக்கிறது. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

என் அண்ணி சமீபத்தில் நிறுவனம் மாறினார். பழைய சிம் ராத்திரி செத்தது, காலையில் புது சிம் வேலை செய்தது. பேச்சு, இணையம், வங்கியின் ஓடிபி எல்லாம் சரி. அவர் பாலிசி எடுத்திருக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் மட்டும் நுழைய முடியவில்லை. எண்ணைப் போட்டால் ‘ஓடிபி அனுப்பப்பட்டது’ என்று திரையில் வரும், போனில் ஒன்றும் வராது. காப்பீட்டு நிறுவனத்தைக் கேட்டால், "நாங்கள் அனுப்பிவிட்டோம், உங்கள் நெட்வொர்க்கைக் கேளுங்கள்" என்றார்கள். நெட்வொர்க்கைக் கேட்டால், "சிக்னல் நன்றாக இருக்கிறது, போனை அணைத்துப் போடுங்கள்" என்றார்கள். அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை எங்கள் காலத்திலிருந்தே இந்தத் துறையில் உண்டு.

என்ன நடக்கிறது என்றால், ஒரு காலத்தில் 9443 என்று ஆரம்பித்தாலே பிஎஸ்என்எல் என்று குழந்தைகூடச் சொல்லும். 2011 ஜனவரியில் நாடு முழுவதும் போர்ட் வசதி வந்த பிறகு எண்ணின் தலையைப் பார்த்து நிறுவனத்தைச் சொல்ல முடியாது. அதனால் எந்த எண் இப்போது யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலை மையமாக வைத்துப் பராமரிக்கிறார்கள். ஒருவர் மாறியதும் அந்தச் செய்தி எல்லா நிறுவனங்களுக்கும் போகிறது. ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடமுள்ள நகலைத் திருத்திக்கொள்ள வேண்டும். அழைப்போ மெசேஜோ கிளம்பும்போது, அனுப்பும் நிறுவனம் தன் நகலைப் பார்த்துத்தான் வழி தீர்மானிக்கிறது; இதைத்தான் ரூட்டிங் என்பார்கள்.

ஏதோ ஒரு நிறுவனத்தின் நகலில் மட்டும் அந்தத் திருத்தம் ஏறாமல் போனால், அங்கிருந்து கிளம்பும் மெசேஜ் பழைய நிறுவனத்தின் வாசலுக்குப் போய், ‘அப்படி யாரும் இங்கே இல்லை’ என்று திரும்பிவிடும். மற்ற நிறுவனங்கள் வழியாக வருவதெல்லாம் ஒழுங்காக வந்து சேரும். வங்கியின் ஓடிபி வந்து, காப்பீட்டின் ஓடிபி வராத மாயம் இதுதான். ‘அனுப்பப்பட்டது’ என்று திரையில் வருவதற்கும், மெசேஜை வாங்கி அனுப்பும் இடைநிலை நிறுவனத்திடம் ஒப்படைத்தாயிற்று என்பதற்கு மேல் பெரும்பாலும் அர்த்தம் கிடையாது. வாடிக்கையாளர் கைக்குப் போனதா என்பதைச் சொல்லும் அறிக்கை தனியாகப் பின்னால் வரும். அதை யாரும் திரையில் காட்டுவதில்லை.

நம் பக்கத்திலிருந்தே இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஓடிபி வரும் மெசேஜில் அனுப்புநரின் பெயர் XY-ABCDEF என்ற அமைப்பில் ஆரம்பிக்கும். முதல் கோட்டுக்கு முன்னால் உள்ள இரண்டு எழுத்துகளில் முதலாவது, அது எந்தத் தொலைபேசி நிறுவனத்தின் வழியாகக் கிளம்பியது என்பதைக் குறிக்கும். இரண்டாவது எந்தத் தொலைத்தொடர்பு வட்டம் என்பதைக் குறிக்கும். அண்ணியின் போனில் பழைய மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். காப்பீட்டு நிறுவனத்திலிருந்து முன்பு வந்தவை எல்லாம் ஒரே எழுத்தில் ஆரம்பித்தன. போர்ட் செய்த பிறகு வந்து சேர்ந்த மெசேஜ்கள் எதிலும் அந்த எழுத்து முதலில் இல்லை.

சந்தேகம் வந்ததும், அந்த எழுத்துக்குரிய தொலைபேசி நிறுவனத்தின் சிம் வைத்திருக்கும் உறவினர்கள் இருவரை அண்ணிக்குச் சாதாரண மெசேஜ் அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பயனில்லை, போனில் உள்ள எஸ்எம்எஸ்தான் வேண்டும். இரண்டும் வரவில்லை. வேறு நிறுவன சிம்மிலிருந்து என் மகன் அனுப்பியது உடனே வந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: இப்படி அனுப்பிய சாதாரண மெசேஜ் வந்துவிட்டால் கோளாறு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. நிறுவனங்கள் மொத்தமாக அனுப்பும் மெசேஜ்கள் வேறு கருவி வழியாகப் போகலாம், அங்கே பழைய நகல் இருக்கலாம். வராவிட்டால் மட்டும் அது உறுதியான சாட்சி.

அதற்கப்புறம் புகாரின் மொழியை மாற்றினோம். "ஓடிபி வரவில்லை" என்றால் அணைத்துப் போடு என்பார்கள். "இன்ன நிறுவனத்து எண்ணிலிருந்து இன்ன தேதி, இன்ன மணிக்கு அனுப்பிய எஸ்எம்எஸ் போர்ட் ஆன என் எண்ணுக்கு வரவில்லை. மற்ற நிறுவனங்களிலிருந்து வருகிறது. அந்த நிறுவனத்தில் என் எண்ணின் ரூட்டிங்கைத் திருத்தச் சொல்லுங்கள்" என்று எழுதிக் கொடுத்தோம். கொடுக்க வேண்டிய இடம் இப்போது நீங்கள் சேர்ந்திருக்கும் புது நிறுவனம். பழைய நிறுவனத்துக்கு நீங்கள் யாரோ ஆகிவிட்டீர்கள். புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். தீர்வு திருப்தியாக இல்லையென்றால் அந்த நிறுவனத்திலேயே மேல்முறையீட்டு அதிகாரி இருக்கிறார், அவரிடம் போக அந்த எண் தேவைப்படும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு நேராக எழுதிப் பயனில்லை, தனிநபர் புகார்களை அது விசாரிப்பதில்லை. அண்ணியின் விஷயத்தில் மேல்முறையீடு வரை போகவில்லை. எழுதிக் கொடுத்த பிறகு தொழில்நுட்பப் பிரிவிலிருந்து கூப்பிட்டு விவரம் கேட்டார்கள், வழி திறந்துவிட்டது.

இந்த இடைவெளியில் ‘மறுபடி அனுப்பு’ பொத்தானைத் தட்டிக்கொண்டே இருக்காதீர்கள். பல தளங்கள் சில முறைக்கு மேல் தட்டினால் கணக்கையே கொஞ்ச நேரம் பூட்டிவிடும். அப்புறம் ஓடிபி வராததற்குக் காரணம் ரூட்டிங்கா பூட்டா என்று தெரியாமல் போய்விடும். அழைத்து ஓடிபி சொல்லும் வசதி இருந்தால் அதை முயலலாம், குரல் அழைப்பு வேறு வழியில் வருவதால் சில நேரம் கிடைத்துவிடும்.

யுபிஐ செயலிகளில் நுழைய முடியாமல் போவதை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே சிம் மாறியதைக் கண்டதும் செயலி மறுபடி சரிபார்க்கச் சொல்கிறது, அதற்கு உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் வெளியே போக வேண்டும். புது சிம்மில் எஸ்எம்எஸ் இல்லாத மலிவான பிளான் போட்டிருந்தால் அது போகாது. இரண்டு சிம் போனில் தவறான சிம்மைத் தேர்ந்தெடுத்தாலும் இதே கதைதான்.

ஆணையமும் தளங்களை நடத்துபவர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மெசேஜ் திரும்பி வந்துவிட்டது என்ற அறிக்கை அனுப்பியவரிடம் இருக்கும்போது, ‘அனுப்பப்பட்டது’ என்று மட்டும் காட்டாமல், ‘உங்கள் எண்ணுக்குச் சேரவில்லை’ என்று திரையில் காட்டச் சொல்லி விதி கொண்டுவரலாம். மின்னஞ்சலுக்கும் ஓடிபி அனுப்பும் வசதியைக் கட்டாயமாக்கலாம். அதுவரை, போர்ட் செய்யப் போகிறவர்கள் பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே முக்கியமான கணக்குகளில் நுழைந்து மின்னஞ்சலைப் பதிவு செய்துகொள்ளுங்கள். சிம் மாறிய பிறகு அதைச் சேர்க்கப் போனால் அதற்கும் ஓடிபி கேட்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்