ஒப்புதல் பட்டையும் குக்கீகளும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடைய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் இணையதளத்தைத் திறந்ததும் திரையின் அடியில் தோன்றும் ஒப்புதல் பட்டையில் ‘ஏற்கிறேன்’ என்பதை அழுத்தினால் தங்களைப் பற்றி என்னென்ன பதிவாகிறது என்று உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். அந்தப் பட்டையில் உள்ள இரண்டு வரிகள் இதற்குப் போதுமான விடையாக இல்லை என்பதால் இம்மடலை எழுதுகிறோம்.

குக்கீ என்பது எங்கள் தளம் உங்கள் உலாவியிடம் கொடுத்து வைக்கும் சிறு எழுத்துத் துணுக்கு. அதற்கு ஒரு பெயரும் ஒரு மதிப்பும், பெரும்பாலும் காலாவதி நாளும் இருக்கும். அடுத்த பக்கத்தைத் திறக்கும்போது உலாவி அதை எங்களிடம் திருப்பிக் காட்டுகிறது. எங்கள் தளத்தில் மூன்று வகைக் குக்கீகள் உள்ளன. கூடையில் நீங்கள் போட்ட பொருள்களை நினைவில் வைப்பது ஒன்று. பட்டையில் நீங்கள் சொன்ன விடையை நினைவில் வைப்பது இன்னொன்று. ‘மறுக்கிறேன்’ என்று சொன்னாலும் இந்த இரண்டாவது குக்கீ பதிவாகத்தான் செய்யும். அது இல்லையென்றால் ஒவ்வொரு பக்கத்திலும் அதே கேள்வியை உங்களிடம் மீண்டும் கேட்க வேண்டியிருக்கும். உங்கள் ஒப்புதலை நாங்கள் கேட்பது மூன்றாவதற்காக மட்டுமே. வருகையாளர்களை எண்ணுவதற்காக நாங்கள் பயன்படுத்தும் கூகுள் அனலிட்டிக்ஸ் வைக்கும் குக்கீ அது. அதன் உள்ளடக்கம் இப்படி இருக்கும்:

```
_ga = GA1.1.1846203957.1736932200
```

முன்னால் உள்ள ‘GA1.1’ வடிவத்தைக் குறிக்கும் குறியீடு. அடுத்த எண் குலுக்கலில் விழுவதுபோல் தற்செயலாக உருவாக்கப்பட்டது. உங்கள் பெயரோடோ கைபேசி எண்ணோடோ அதற்குத் தொடர்பில்லை. கடைசி எண், 1970 ஜனவரி 1 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. அதைக் கணக்கிட்டால் 2025 ஜனவரி 15, உலகப் பொது நேரப்படி காலை 9.10 மணி என்று வருகிறது. அதாவது, இந்த உலாவிக்கு இக்குக்கீ முதன்முதலாக வழங்கப்பட்ட நேரம். குக்கீக்குள் இருப்பது இவ்வளவே.

ஆனால் இதைக் கேட்டு முழுவதும் நிம்மதி அடைந்துவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. உண்மையான பதிவு குக்கீக்குள் சேர்வதில்லை, கூகுளின் சர்வரில் சேர்கிறது. நீங்கள் எந்தப் பக்கத்தைப் பார்த்தீர்கள், எந்தத் தளத்திலிருந்து வந்தீர்கள், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எந்த உலாவி, எந்த மொழி, திரையின் அளவு என்ன என்பவையெல்லாம் அந்த எண்ணின் கீழ் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. தோராயமான ஊரை உங்கள் ஐபி முகவரியிலிருந்து அனலிட்டிக்ஸ் கணிக்கிறது. அந்த முகவரி, குக்கீ இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் திறக்கும் எந்தத் தளத்துக்கும் தெரிவதுதான். வழக்கமான அமைப்பில் இக்குக்கீயின் ஆயுள் இரண்டு ஆண்டுகள். ஆனால் குரோம் உலாவி எந்தக் குக்கீயையும் 400 நாள்களுக்கு மேல் வைத்திருப்பதில்லை.

அந்த எண் ஓர் உலாவியை அடையாளம் காட்டுகிறதே அன்றி ஓர் ஆளை அன்று. வீட்டில் நால்வர் ஒரே கணினியைப் பயன்படுத்தினால் கணக்கில் ஒருவர்தான். நீங்கள் ஒருவரே கைபேசியிலும் கணினியிலும் வந்தால் இருவர். ஆகவே, ‘இத்தனை பேர் வந்தார்கள்’ என்று எந்த நிறுவனம் சொன்னாலும் (நாங்கள் உட்பட) அதைச் சற்றுத் தளர்த்தியே எடுத்துக்கொள்ளுங்கள். எனினும், ஒரு தளம் அந்த எண்ணைத் தன் ஆர்டர் பதிவேட்டோடு இணைத்துவிட்டால், பெயரற்ற எண்ணுக்கு அந்த நிமிடமே பெயரும் முகவரியும் கிடைத்துவிடுகின்றன. நாங்கள் அவ்வாறு இணைப்பதில்லை.

பட்டை மெய்யாகவே வேலை செய்கிறதா என்பதை நீங்களே சோதிக்கலாம். கணினியில் குரோமில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து எங்கள் தளத்துக்கு வந்து, எந்தப் பொத்தானையும் தொடாமல் F12 விசையை அழுத்தி, ‘Application’ பகுதியில் ‘Cookies’ என்பதைப் பாருங்கள். நீங்கள் விடை சொல்லும் முன்பே அங்கே `_ga` இருந்தால் பட்டை வெறும் அலங்காரம் என்று பொருள். எந்தத் தளத்திலும் இச்சோதனையைச் செய்யலாம். ஆனால் இதற்கும் ஒரு எல்லை உண்டு: மறுத்த பிறகு, குக்கீ வைக்காமலேயே வருகைத் தகவலை அனலிட்டிக்ஸுக்கு அனுப்பும் ஓர் அமைப்பும் இருக்கிறது, அது குக்கீப் பட்டியலில் தெரியாது, ‘Network’ பகுதியில்தான் தெரியும். எங்கள் தளத்தில் அந்த அமைப்பை அணைத்து வைத்திருக்கிறோம். நீங்கள் மறுத்தால் அனலிட்டிக்ஸின் நிரல் பக்கத்தில் ஏற்றப்படுவதே இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், முன்கூட்டியே டிக் போட்டு வைத்த பெட்டி ஒப்புதல் ஆகாது என்று 2019 அக்டோபரில் தீர்ப்பளித்தது. எங்கள் பட்டையில் எதுவும் முன்கூட்டித் தேர்வாகி இருக்காது. இரு பொத்தான்களும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கும்.

முன்பு ஏற்றவர்கள் மனம் மாறினால், பக்கத்தின் அடியில் உள்ள ‘குக்கீ விருப்பங்கள்’ என்ற இணைப்பை அழுத்தி மறுக்கலாம். அப்போது `_ga` உங்கள் உலாவியிலிருந்து நீக்கப்படும். ஆனால் அதற்குள் அனலிட்டிக்ஸுக்குப் போய்ச் சேர்ந்த பதிவுகளை அந்தச் சொடுக்கு அழிக்காது. அவற்றை 2 மாதம் அல்லது 14 மாதம் வைத்திருக்கலாம் என்ற தேர்வில் நாங்கள் 2 மாதத்தையே தேர்ந்திருக்கிறோம். மொத்த எண்ணிக்கையாகத் தொகுக்கப்பட்ட அறிக்கைகள் மட்டும் அதன் பிறகும் எங்களிடம் இருக்கும்.

இங்ஙனம்,
இணையதளப் பொறுப்பாளர்