படுக்கை அருகே வகுப்பெடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வார்டு சிஸ்டரின் மடல்

நர்சிங் கல்லூரிகளிலிருந்து மாணவிகளையும் மாணவர்களையும் பொது மருத்துவ வார்டுகளுக்கு அழைத்துவரும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். வார்டின் பொறுப்பு செவிலியர் என்ற முறையில் உங்கள் வகுப்புகளைப் பக்கத்து மேசையிலிருந்து கேட்டுக்கொண்டே ரிஜிஸ்டர் எழுதுகிறவள் நான். அந்த வகுப்புகளைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். பன்னிரண்டு பேர் ஒரு கட்டிலைச் சூழ்ந்து நிற்கிறார்கள். ஆசிரியர் இதயச் செயலிழப்பின் இலக்கணம், காரணங்கள், அறிகுறிகள் என்று வகுப்பறைக் குறிப்பை அப்படியே சொல்கிறார். நடுவில் ஒரு மாணவியை நிறுத்தி வகைகளைக் கேட்கிறார். அவள் விழிக்கிறாள், நோயாளியின் முன்பே திட்டு விழுகிறது. மறுநாள் அதே மாணவி ரத்த அழுத்தம் பார்க்கப் போனால், "வேற சிஸ்டரை வரச் சொல்லும்மா" என்கிறார் நோயாளி. அவர் மேல் தவறில்லை. கட்டிலில் அவர் இல்லாமலிருந்தாலும் அந்த வகுப்பு அப்படியேதான் நடந்திருக்கும்.

மால்கம் நோல்ஸின் வயதுவந்தோர் கல்விக் கோட்பாட்டை நீங்கள் எல்லோரும் நர்சிங் எஜுகேஷன் தாளில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறீர்கள். வயதுவந்தவர் எதையும் கற்கும் முன் அது எதற்கு என்று தெரிந்துகொள்ள விரும்புவார், தன் அனுபவத்தோடுதான் வருவார், பாடத் தலைப்பைவிடக் கையிலிருக்கும் சிக்கலை ஒட்டியே கற்பார், தன்னைத் தானே நடத்திக்கொள்கிறவராக மதிக்கப்பட வேண்டும் என்று எதிர்பார்ப்பார். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய இந்த விஷயம் கட்டிலருகே வந்ததும் எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி. அதை அங்கே கொண்டுவந்தால் வகுப்பு எப்படி மாறும் என்பதை ஒரு கற்பனை நோயாளியை வைத்துச் சொல்கிறேன். எந்த வார்டிலும் எந்த வாரமும் இப்படி ஒருவர் இருப்பார்.

அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு அம்மா. இதயச் செயலிழப்பு, கூடவே நெஞ்சில் சளித்தொற்று. அனுமதியாகி மூன்றாம் நாள். ஃபுரோசிமைட் ஊசி போகிறது. திரவக் கட்டுப்பாடு உண்டு. முந்தைய நாளின் இன்டேக் அவுட்புட் சார்ட்டில் உட்கொண்டது 1,150 மி.லி., வெளியேறியது 1,900 மி.லி. என்று இருக்கிறது. அதாவது 750 மி.லி. குறைந்திருக்கிறது. ஆனால் காலை எடை முந்தைய நாள் 58.4 கிலோ, இன்று 58.9. ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய ஒரு கிலோ. சார்ட் சொல்வது உண்மையானால் எடை இறங்கியிருக்க வேண்டும்; அரை கிலோ ஏறியிருக்கிறது.

வகுப்பு முழுவதற்கும் இந்த ஒரு முரண் போதும். இதயச் செயலிழப்பு முழுவதையும் அன்றைக்கே நடத்தத் தேவையில்லை.

முதல் பத்து நிமிடம் கட்டிலருகே போகாதீர்கள். டியூட்டி அறையிலோ வராந்தாவிலோ ஐந்து பேரை உட்காரவைத்து, சார்ட்டையும் எடைக் குறிப்பையும் கையில் கொடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். "இந்த இரண்டில் எதை நம்புவாய்? ஏன்?" என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒரு விடையைச் சொல்லியாக வேண்டும். தவறாக இருந்தாலும் பரவாயில்லை. வாய்விட்டு ஒரு பக்கம் சாய்ந்தவளுக்குத்தான் கட்டிலருகே தேட ஒரு காரணம் கிடைக்கிறது. கூடவே இன்னொன்றும் கேளுங்கள்: வீட்டில் யாருக்காவது கால் வீங்கி, நீர் மாத்திரை சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறீர்களா? ஐவரில் ஒருவருக்காவது ஒரு பாட்டி இருப்பார். கஷாயமும் கஞ்சியும் தண்ணீர்க் கணக்கில் சேரும் என்று அந்த வீட்டில் யாருமே நினைத்ததில்லை என்பதை அவளே சொல்வாள். மாணவியின் அனுபவத்திலிருந்து தொடங்கு என்று நோல்ஸ் சொன்னதற்கு வார்டில் இதற்கு மேல் பெரிய அர்த்தம் தேட வேண்டாம்.

யார் நோயாளியிடம் பேசுவது, யார் கால் வீக்கம் பார்ப்பது, யார் துணைக்கு இருக்கும் மகளிடம் கேட்பது என்பதை அவர்களே பிரித்துக்கொள்ளட்டும். நோயாளியிடம் அன்று காலையே நீங்கள் தனியாகப் போய் அனுமதி கேட்டிருக்க வேண்டும். ஐந்து பேருடன் போய் நின்றுகொண்டு "பார்க்கலாமாம்மா?" என்றால் அவரால் மறுக்க முடியாது, அதை அனுமதி என்று சொல்ல முடியாது.

கட்டிலருகே பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். அங்கே ஆசிரியர் பேசுவது குறைய வேண்டும். ஒரு மாணவி கணுக்காலுக்கு மேலே எலும்பின் மீது விரலால் சில விநாடி அழுத்தி எடுத்து, குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கிறாள். மற்றவள் மகளிடம், "நேற்று காலையிலிருந்து அம்மா என்னென்ன குடித்தார்கள்?" என்று கேட்கிறாள். இரண்டு டம்ளர் கஞ்சி, ஓர் இளநீர் என்று பதில் வருகிறது. இரண்டுமே சார்ட்டில் இல்லை. அந்த டம்ளரை வாங்கித் தண்ணீர் நிரப்பி, அளவு ஜாடியில் ஊற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு எவர்சில்வர் டம்ளர் 240 மி.லி. வந்தால் கஞ்சி மட்டுமே 480 ஆயிற்று. இளநீர் சுமார் 300. நோய்க்கிருமிக் கொல்லி மருந்தை 100 மி.லி. சலைனில் கலந்து மூன்று வேளை ஏற்றியது இன்னொரு 300. மருந்துச் சீட்டில் எழுதியிருக்கிறது, சார்ட்டில் சேரவில்லை. மொத்தம் 1,080 மி.லி. விட்டுப்போயிருக்கிறது. உட்கொண்டது 2,230.

வெளியேறிய பக்கம் இதைவிட மோசம். இரவில் நான்கு முறை, தலா 300 என்று எழுதியிருக்கிறது. நான்கும் ஒரே மாதிரி 300 என்றாலே சந்தேகம் வர வேண்டும். மகளிடம் கேட்டால் அம்மா நடந்தே கழிப்பறைக்குப் போனார் என்கிறார். யாரும் அளக்கவில்லை. ஆக 1,900-இல் அளந்தது 700 மட்டும். மீதி 1,200 ஊகம். (இரவுப் பணியில் முப்பது நோயாளிகளைப் பார்க்கும் செவிலியரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. மாணவி நாளை அந்த இடத்தில்தான் நிற்பாள் என்பதற்காக எழுதுகிறேன்.)

பிறகு கட்டிலைவிட்டு விலகி இருபது நிமிடம். பலரும் விட்டுவிடும் பகுதி இதுதான். பாடம் நடப்பதும் இங்கேதான். முதலில் கேட்ட கேள்வியையே திரும்பக் கேளுங்கள்: எதை நம்புவாய்? இப்போது எடை என்பார்கள். உடனே பாராட்டி முடித்துவிடாதீர்கள். எடையை எப்போது நம்பலாம் என்று கேளுங்கள். அதே எடைமானி, அதே நேரம், சிறுநீர் கழித்த பின், காலை உணவுக்கு முன், ஏறக்குறைய அதே உடை. இவற்றில் ஒன்று மாறினாலே அரை கிலோ வித்தியாசம் வந்துவிடலாம். சார்ட்டுக்கும் எல்லை உண்டு: மூச்சிலும் வியர்வையிலும் போகும் நீர் அதில் வராது, இட்லியிலும் சோற்றிலும் இருக்கும் நீரும் வராது. ஆகவே திருத்திய கணக்கும் எடையோடு அச்சாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நீர் இறங்குகிறதா, ஏறுகிறதா என்ற திசையைத்தான் இரண்டையும் கால் வீக்கத்தையும் மூச்சுத்திணறலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஃபுரோசிமைட் எப்படி வேலை செய்கிறது என்பதை இந்த நேரத்தில் ஐந்து நிமிடம் சொல்லுங்கள். கேள்வி முளைத்த பிறகு வரும் விளக்கம் என்பதால் காதில் ஏறும்.

இங்கே ஒரு வழுக்கலும் உண்டு. கண்டுபிடித்த உற்சாகத்தில் மாணவி நேராகப் போய் மகளைக் கடிந்துகொள்வாள். அல்லது இளநீரை நிறுத்துங்கள் என்று தானே சொல்லிவிடுவாள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஃபுரோசிமைட் பொட்டாசியத்தைக் குறைக்கும். ஆனால் அதே நோயாளிக்குப் பொட்டாசியத்தை ஏற்றும் வேறு மாத்திரைகளும் போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே அவள் செய்ய வேண்டியது, பணியிலிருக்கும் செவிலியரிடமும் மருத்துவரிடமும் எண்களோடு சொல்வது. அந்தச் செய்தியை இரண்டு வாக்கியத்தில் சொல்லிப் பழக வையுங்கள். திரவ அளவு பற்றி முடிவான பிறகு, அதே மகளுக்குத் தமிழில், டம்ளர் கணக்கில் விளக்கும் வேலையையும் அவளுக்கே கொடுங்கள். பாடம் ஏறியதா என்பது அப்போது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் மனப்பாடமாக ஒப்பித்தவள், "ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர்?" என்ற கேள்விக்கு முன்னால் தடுமாறுவாள்.

ஒரு மறுப்பை நானே எதிர்பார்க்கிறேன். "இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள், பதினெட்டு பத்தொன்பது வயது. தானாகக் கற்பார்கள் என்று விட முடியுமா?" முடியாதுதான். நோல்ஸே 1970-இல் குழந்தைக் கல்வியையும் வயதுவந்தோர் கல்வியையும் எதிரெதிராக நிறுத்திவிட்டு, 1980-இல் வந்த திருத்திய பதிப்பில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாதையாக மாற்றிக்கொண்டார். வார்டுக்கு வந்த முதல் வாரத்தில் அளவு ஜாடியைக் கண் மட்டத்தில் வைத்துப் படிப்பது எப்படி, எடைமானியைச் சுழியத்தில் வைப்பது எப்படி என்பதை நீங்கள் செய்துகாட்டத்தான் வேண்டும். அதைக் கண்டுபிடிக்க விடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது. நான் மேலே சொன்ன வகுப்பு, இவற்றைச் செய்யத் தெரிந்த பிறகு, இரண்டாவது மூன்றாவது வாரத்துக்கு உரியது. நோயாளிக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தால் எந்த வாரத்துக்கும் உரியதல்ல. வேறு கட்டிலைத் தேடுங்கள்.

கேர் பிளான் பற்றியும் ஒரு வார்த்தை. இப்போது வார்டுக்கு வரும் முன்பே சீனியரின் நோட்டிலிருந்து "உடலில் மிகை நீர்" என்று எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பிறகு அதற்கேற்ற நோயாளியைத் தேடுகிறார்கள். அந்த நோட்டில் எந்த டம்ளரின் அளவும் இருக்காது. கேர் பிளானை வகுப்புக்குப் பிறகு, அன்றே, அந்த நோயாளியின் எண்களோடு எழுதச் சொல்லுங்கள். நீளம் பாதியானாலும் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

மறுநாள் காலை நீங்கள் பார்க்க வேண்டியது சார்ட்டை. கட்டில் சீட்டில் டம்ளரின் மி.லி. எழுதப்பட்டிருக்கிறதா? கழிப்பறைக்குப் போகும் நோயாளிக்கு அளவுப் பாத்திரம் கொடுக்கப்பட்டிருக்கிறதா? மருந்து கலந்த சலைன் கணக்கில் ஏறியிருக்கிறதா? முக்கியமாக, நீங்கள் சொல்லாத வேறொரு கட்டிலில் யாராவது ஒரு மாணவி எடையையும் சார்ட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாளா? பார்த்திருந்தால் வகுப்பு நடந்திருக்கிறது.

எங்கள் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது இது. வகுப்புக்கு முந்தைய நாள் மாலைக்குள் என்ன எடுக்கப்போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பொருத்தமான, நிலை சீரான இரண்டு நோயாளிகளைக் குறித்துவைக்கிறோம். மருத்துவர் ரவுண்ட்ஸ் முடிந்து, மதிய உணவு வருவதற்கு முன் இருக்கும் நேரத்துக்கு வாருங்கள். ஒரு கட்டிலுக்கு ஐந்து பேர். மீதி ஏழு பேருக்கு எடை, சார்ட், மருந்து வேலைகளை எங்கள் செவிலியர்களோடு பிரித்துத் தருகிறோம். மறுநாள் அணி மாறிக்கொள்ளட்டும். அளவு ஜாடி எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது. கல்லூரி ஆய்வகத்திலிருந்து இரண்டு கொண்டுவந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு பொது மருத்துவ வார்டின் பொறுப்பு செவிலியர்