பொதுக்கூட்டத் தீர்மானங்களின் வரைவு குறித்துப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, வணக்கம்.

நம் பினாங்குப் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பின் வரைவு உங்கள் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப்பட்டுள்ளது. அதில் ஒரு தீர்மானம் திருத்தி எழுதப்பட்டதற்கான காரணத்தைச் சங்கத்தின் ஆலோசகர் என்ற முறையில் விளக்க விரும்புகிறேன்.

வேனுக்காகப் பிள்ளைகள் மழையில் நனைந்து நிற்கும் நுழைவாயிலுக்குக் கூரை போடுவது பற்றி, முதல் வரைவில், “நீண்ட நேரம் பேசப்பட்டது; அனைவரும் ஏற்றுக்கொண்டனர்” என்ற ஒரே வரிதான் இருந்தது. எவ்வளவு செலவு, எந்த நிதியிலிருந்து என்ற விவரம் அதில் இல்லாததால் பொருளாளர் காசோலையில் கையெழுத்திட மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரியே. அனைவரும் ஏற்றதாகச் சொல்வதும் பொருந்தாது, எதிர்த்து உயர்ந்த கைகளை நானே பார்த்தேன்.

செயலாளர் அன்று குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்ததைக் கொண்டு நடந்ததை வரிசைப்படுத்தினோம். இரண்டாம் ஆண்டு மாணவனின் தந்தை, சங்க நிதியிலிருந்து 8,000 ரிங்கிட்டில் கூரை அமைக்க முன்மொழிந்தார். ஐந்தாம் ஆண்டு மாணவியின் தாயார் வழிமொழிந்தார். பிறகு மற்றொரு தாயார், மூன்று விலைப்புள்ளிகள் பெற வேண்டும், செலவு 6,000 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது என்று திருத்தம் கொண்டுவந்தார். அதற்கும் வழிமொழிபவர் இருந்தார். திருத்தமே முதலில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டு, 41 பேர் ஆதரவு, 17 பேர் எதிர்ப்பு, 5 பேர் நடுநிலை என நிறைவேறியது. அதன்பின் திருத்தப்பட்ட தீர்மானம் தனியாக வாக்குக்கு வந்தது. ஆகவே அது இப்போது இவ்வாறு உள்ளது:

தீர்மானம் 4: மூன்று விலைப்புள்ளிகள் பெற்று, 6,000 ரிங்கிட்டுக்கு மேற்படாமல், சங்க நிதியிலிருந்து நுழைவாயிலில் கூரை அமைக்கப்படும். ஆதரவு 52, எதிர்ப்பு 6, நடுநிலை 5. நிறைவேறியது.

வரைவில் இதன்கீழ் முன்மொழிந்தவராக அந்தத் தந்தையின் பெயரே உள்ளது. திருத்தம் கொண்டுவந்தவர் பெயரை அங்கே எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. அவர் பெயரும் திருத்தத்தின் வாக்கும் தனி வரியில் உள்ளன. வருகைப் பதிவில் 71 பேர் இருக்க, வாக்குகள் 63 மட்டுமே வருவது எப்படி என்று சிலர் கேட்கலாம். எட்டுப் பேர் அதற்குள் புறப்பட்டுவிட்டனர், வாக்கெடுப்பின்போது மண்டபத்தில் இருந்தவர்களையே எண்ணினோம்.

குடும்பத்துக்கு 20 ரிங்கிட் வசூலிக்கலாம் என்று ஒருவர் கூறியதை எவரும் வழிமொழியவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை. கைதட்டல் பலமாகவே இருந்தது, ஆனாலும் அதற்குத் தீர்மான எண் கிடையாது. பேசப்பட்ட கருத்தாக மட்டும் பதிவாகியுள்ளது. எனவே அதன் பெயரில் யாரேனும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பெயரோ நீங்கள் சொன்னதோ தவறாகப் பதிவாகியிருந்தால், இரண்டு வாரங்களுக்குள் செயலாளருக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். பதிவில் உள்ள பிழையை மட்டுமே அவர் திருத்த இயலும். முடிவையே மாற்ற விரும்புவோர் அடுத்த பொதுக்கூட்டத்தில் புதிய தீர்மானமாக முன்மொழிய வேண்டும்.

இங்ஙனம்,
தலைமையாசிரியர்