காட்பாடி ஃப்ளாட் விளம்பரம்: டேப் வைத்து அளந்தாச்சு

அன்புள்ள குமரா,

வீட்டில் எல்லோரும் நலம். பங்குனியிலேயே வேலூர் வெயில் மண்டையைப் பிளக்குது, அதனால் காந்தி நகர் ஃப்ளாட்டுக்கு ஞாயிறு காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். நீ அனுப்பிய விளம்பரத்தில் "விசாலமான 960 சதுர அடி, ஸ்டேஷன் மிக அருகில், சி.எம்.சி.க்கு பத்தே நிமிடம்" என்று இருக்கிறதே, அதை அப்படியே போடாதே.

அந்த 960 பில்டர் சொன்ன சூப்பர் பில்ட் அப், படிக்கட்டு, லாபியில் உன் பங்கும் அதில் சேர்ந்தது. வாங்குகிறவர் கட்டில் போடப்போவது கார்பெட் ஏரியாவில்தான். டேப் பிடித்து சுவருக்குச் சுவர் அளந்தேன். ஹால் 18க்கு 11 அடி, பெரிய பெட்ரூம் 12க்கு 11, மற்ற அறைகள், சமையலறை, பாத்ரூம், நடை எல்லாம் கூட்டினால் 630 சதுர அடி வருகிறது. 2016 ரெரா சட்டப்படி வெளிச்சுவரும் பால்கனியும் கணக்கில் வராது, ஆனால் அறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர் வரும். அது நாலரை அங்குலத்தில் மொத்தம் 64 அடி நீளம், அதாவது 24 சதுர அடி. ஆக 654. பால்கனி 40 சதுர அடியைத் தனியாக எழுது, இதோடு கூட்டாதே. 960ஐ நம்பி வருகிற ஆள் ஹாலில் நின்றதும் முகம் மாறிவிடுவார், அதற்கு அப்புறம் பேரம் எங்கே நடக்கும்?

தூரத்தையும் ஸ்கூட்டர் ட்ரிப் மீட்டரில் பார்த்தேன். கேட்டில் இருந்து காட்பாடி ஜங்ஷன் 1.8 கிலோமீட்டர், பெட்டியோடு நடக்கிற தூரம் இல்லை. சி.எம்.சி.க்கு 4.9. பத்து நிமிடம் என்பது ஞாயிறு காலைக்குச் சரி. திங்கள் ஒன்பது மணிக்கு அதே வழியில் 24 நிமிடம் ஆனது. மேப்பில் கோடு இழுத்தால் கிட்டத்தில்தான் தெரியும், ஆனால் பாலாற்றை எல்லோரும் பாலத்தில்தானே தாண்டணும்! இன்னொன்று, ராணிப்பேட்டையிலும் சி.எம்.சி. வளாகம் இருப்பதால் "இடா ஸ்கட்டர் சாலை வாசல்" என்றே போடு. வெளியூரில் இருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள் பாவம், குழம்பிவிடுவார்கள்.

"24 மணி நேரத் தண்ணீர்" என்பதையும் எடுத்துவிட்டேன். போன மே மாதம் வாரத்துக்கு இரண்டு லாரி வாங்கியதாக கீழ்வீட்டு அக்காவே சொன்னார், அதையே எழுதியிருக்கிறேன்.

இப்போது இப்படி இருக்கிறது: "2 பெட்ரூம், கார்பெட் ஏரியா 654 சதுர அடி, பால்கனி 40 தனி. காட்பாடி ஜங்ஷன் 1.8 கி.மீ., சி.எம்.சி. இடா ஸ்கட்டர் சாலை வாசல் 4.9 கி.மீ., காலை நெரிசலில் சுமார் 25 நிமிடம். போர்வெல் உண்டு, கோடையில் வாரம் 2 லாரி தண்ணீர்."

மனையில் உன் பங்கு, அந்த யூ.டி.எஸ்., பத்திரத்தில் எத்தனை சதுர அடி என்று பார்த்துச் சொல். அந்த ஒரு இடம்தான் காலியாக இருக்கிறது.

அன்புடன்,
சேகர்