மணல் தட்டும் யாழினியின் விரலும்

அன்புள்ள மாலதி,

இங்கே எல்லாரும் நலம். அவருக்கு முட்டி வலி பரவாயில்லை. செந்தூலில் தினமும் சாயங்கால மழை. பலாப்பழ விவகாரத்தை நேரில் பேசிக்கொள்வோம், அதில் உன்னை விடமாட்டேன்.

யாழினி புள்ளிகளைச் சேர்த்து எழுதிய பயிற்சித்தாளை நீ படமெடுத்து அனுப்பியதிலிருந்து மனசே சரியில்லை. அழுத்தின அழுத்தில் தாள் கிழிந்திருக்கிறது. நாலு வயசுப் பிள்ளை, முதலாம் ஆண்டுக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. பாலர் பள்ளியில் என்ன சொன்னாலும் சரி, வீட்டில் கொஞ்ச நாளைக்குப் பென்சிலை எடுத்து வை. மணலில் எழுதட்டும்.

உள்பக்கம் கருப்பாகவோ கருநீலமாகவோ இருக்கும் அகலத் தட்டு ஒன்று போதும். மணலைக் கழுவிக் காயவைத்து, சல்லடையில் சலித்து, மெல்லிசாகப் பரப்பு. விரலை இழுத்தால் அடித்தட்டின் நிறம் கோடாகத் தெரிய வேண்டும். தடிமனாகப் போட்டால் ஓரம் சரிந்து கோடு மூடிக்கொள்ளும். மணலுக்குப் பதில் ரவை போட்டால் எறும்பைக் கூப்பிடும். உப்பு நம் ஊர் ஈரத்தில் கட்டிதட்டிவிடும். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி விரி. அவள் நின்றுகொண்டே எழுதட்டும், அப்போதுதான் தோளும் முழங்கையும் சேர்ந்து அசையும்.

முதலில் மேலிருந்து கீழே ஒரு கோடு, அப்புறம் இடமிருந்து வலம், அப்புறம் வட்டம். இவை தடுமாறாமல் வந்த பிறகுதான் ட. நீ ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து மெதுவாக எழுதிக் காட்டு. அந்தத் தடத்தின்மேலேயே அவள் விரலை ஓட்டட்டும். பிறகு தட்டைக் குலுக்கி அழித்துவிட்டு, தானாக எழுதட்டும். 'அ' இப்போதைக்கு வேண்டாம், அதன் சுழியில் விரல் பல தடவை திசை மாற வேண்டும்.

பள்ளித்தாளில் உள்ள சிக்கலே இங்கேதான். புள்ளிகளை எந்தப் பக்கத்திலிருந்து சேர்த்தாலும் கடைசியில் ட சரியாகவே தெரியும். மணல் அப்படி மறைக்காது. விரல் தள்ளிக்கொண்டு போகும் மணல், கோடு முடியும் இடத்தில் சின்னக் குவியலாக நிற்கும். ட-வின் வலது நுனியில் குவியல் இருந்தால் சரியாக எழுதியிருக்கிறாள். இடது மேல்நுனியில் இருந்தால் முடிவிலிருந்து பின்னோக்கி எழுதியிருக்கிறாள். மூலையில் ஒன்று, நுனியில் ஒன்று என இரண்டு இருந்தால் நடுவில் விரலை எடுத்திருக்கிறாள். திட்டாதே. குலுக்கிவிட்டு, தொடங்கும் இடத்தில் ஒரு சோழியை வை. ட பழகிவிட்டால் அங்கிருந்து மேலே ஒரு இழுப்புதான், ப வந்துவிடும். ஆனால் அதில் இரண்டு மூலை இருக்கிறது. சதுரமே பல பிள்ளைகளுக்கு ஐந்தை நெருங்கும்போதுதான் கைவரும், அவசரப்படுத்தாதே.

ஒன்று மட்டும் நினைவில் வை. பென்சில் பிடிப்பதையும் அழுத்தம் பார்ப்பதையும் மணல் கற்றுத்தராது. அதற்குச் சப்பாத்தி மாவைக் கிள்ளட்டும், துணிக் கிளிப்பை அழுத்தட்டும். கிரையானை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடு, முஷ்டியில் பிடிக்க இடமிருக்காது. ஐந்து வயசாகியும் கூட்டல் குறி போட வரவில்லை என்றால், கைப்பழக்கத்துக்குப் பயிற்சி தரும் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் காட்டு.

தட்டைக் குலுக்கும் முன் ஒரு படம் எடுத்து அனுப்பு. மேலேயிருந்து வேண்டாம், விளக்கு பக்கவாட்டில் படும்படி எடு. குவியலின் நிழல் விழுந்தால் அவள் எப்படி எழுதினாள் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
சரஸ்